மேலே கடகம் தொங்கும் கடை

புரட்டாசி பிறந்த வாரம் உடன்குடிப் பக்கத்திலிருந்து என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. பனையோலையில் பெட்டியும் கொட்டானும் முடையும் மகளிர் குழு ஒன்றின் தலைவி அனுப்பியிருந்தார். நவராத்திரியை ஒட்டிச் சென்னையில் நடக்கும் கண்காட்சியில் அவர்கள் குழுவுக்கு ஒரு ஸ்டால் கிடைத்திருந்தது. பத்து நாள் வியாபாரம். அதற்கு அவர்களே எழுதிய நோட்டீஸ்தான் அந்தப் படம். அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு பார்வை பார்க்கச் சொல்லியிருந்தார்.

"வாரீர்! வாரீர்! மகளிர் சுய உதவிக் குழுவினரின் கைவண்ணத்தில் உருவான கண்கவர் கைவினைப் பொருட்கள்! அனைத்தும் மலிவு விலையில்! அனைவரும் வருகை தந்து ஆதரவு தருமாறு அன்புடன் அழைக்கிறோம்." கீழே கண்காட்சியின் பெயர், இடம், தேதி. அவ்வளவுதான்.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்தபின் அந்த ஸ்டாலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஊறுகாயாகவும் இருக்கலாம், சணல் பையாகவும் இருக்கலாம். பனையோலை என்ற சொல்லே அதில் இல்லை. பக்கத்து ஸ்டால்காரர் அதை எடுத்துத் தம் பெயரைப் போட்டுக்கொண்டாலும் ஒரு எழுத்தை மாற்ற வேண்டியிருக்காது.

இன்னொன்றும் உறுத்தியது. "ஆதரவு தருக" என்றால் வாங்க வருகிறவர் உதவி செய்ய வருகிறவராகிவிடுகிறார். உதவ வருகிறவர் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தன் வீட்டுக் கொலுவுக்கு முப்பது கொட்டான் தேவைப்படும் ஒருவர் அந்த வரியைப் படித்தால், தனக்கு வேண்டியது அங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை. நமக்கு வேண்டியவர் அந்த இரண்டாமவர்தான்.

அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். "அப்ப என்னத்தம்மா எழுதணும்ங்கீங்க?" என்றார். "என்னென்ன கொண்டு வாறீங்க, அதச் சொல்லுங்கக்கா முதல்ல" என்றேன். பதினெட்டு வகையைச் சொன்னார். விசிறி, சுளகு, கடகம், மூடிப் பெட்டி, பூக்கூடை, பென்சில் தாங்கி, கிலுகிலுப்பை, பல அளவில் கொட்டான், மாலை, தொப்பி என்று பட்டியல் நீண்டது. பதினெட்டையும் நோட்டீஸில் போட்டால் படிப்பவர் மனதில் ஒன்றும் நிற்காது. மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவு செய்தோம். தேர்ந்தெடுக்க எங்களிடம் இரண்டு கேள்விதான் இருந்தன. அந்த மாதத்தில் சென்னைக்காரர் வீட்டில் அதற்கு என்ன வேலை? கேட்டு வருகிறவருக்குக் கொடுக்க நம்மிடம் எத்தனை இருக்கிறது?

கடகம் அழகான பொருள். ஆனால் இரண்டு பேரால் இரண்டுதான் கொண்டுவர முடியும். சுளகு குழுப் பெண்கள் எல்லோருக்கும் கைவந்தது. ஆனால் அடுக்குமாடி வீட்டில் அரிசி புடைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கொட்டான் இரண்டு கேள்விக்கும் நின்றது. நவராத்திரியில் கொலு பார்க்க வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கூடையில் கொடுக்க மனமில்லாதவர்கள் நிறையப் பேர். முதல் பொருள் தாம்பூலக் கொட்டான் என்று முடிவாயிற்று. கருப்பட்டியோ முறுக்கோ போட்டு வைக்க மூடிப் பெட்டி இரண்டாவது. பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொண்டுபோகக் கிலுகிலுப்பை மூன்றாவது.

அளவை எழுதும் இடத்தில்தான் முதல் சிக்கல். "அஞ்சு அங்குலக் கொட்டான்னு போட்டுருங்கம்மா" என்றார் அக்கா. அங்குலத்தைப் படித்து யாருக்கு என்ன தெரியும்? "அதுக்குள்ள என்னக்கா கொள்ளும்?" என்று கேட்டேன். தாம்பூலத்துக்கு வேண்டியதெல்லாம் கொள்ளும் என்றார். போட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். உரித்த தேங்காய் ஒன்று உள்ளே போகிறது, அதற்குமேல் வாழைப்பழம் வைக்க இடம் இல்லை, வெற்றிலை மடங்குகிறது. ஆறு அங்குலச் சதுரமும் நாலு அங்குல உயரமும் உள்ள கொட்டானில் ஒரு தேங்காய், இரண்டு பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமப் பொட்டலம் எல்லாம் மடங்காமல் உட்கார்ந்தன. அதையே வரியாக எழுதினோம். தேங்காய் வைக்காமல் சுண்டலும் வெற்றிலையும் மட்டும் கொடுப்பவர்களுக்கு ஐந்து அங்குலம் போதும் என்று அடுத்த வரி. கடையில் யாரும் பிறகு அளவு கேட்கவில்லை. எத்தனை வேண்டும் என்பதைத்தான் பேசினார்கள்.

ஓலையைப் பற்றி என்ன எழுதுவது என்பது அடுத்தது. இங்கே எனக்கே பாதி விஷயம் அவர்களிடம் கேட்டபின்தான் தெரிந்தது. கொட்டானுக்கு முற்றிய ஓலை ஆகாது. மரத்தின் நடுவில் இன்னும் விரியாமல் இருக்கும் குருத்தைப் பனையேறி வெட்டித் தர வேண்டும். ஒரு மரத்தில் இஷ்டத்துக்குக் குருத்து வெட்டவும் முடியாது, வெட்டினால் மரம் தளர்ந்துபோகும். இறக்கிய குருத்தை விரித்து வெயிலில் காயப்போட்டால் பச்சை போய்த் தந்த நிறம் வரும். நடுவிலுள்ள ஈர்க்கை உரித்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்து எடுப்பார்கள். சாயம் ஏற்ற வேண்டியதைக் கொதிக்கும் சாயத் தண்ணீரில் முக்கி நிழலில் உலர்த்துவார்கள். முடையும் நேரத்தில் ஓலை ஈரப்பதமாக இருக்க வேண்டும், காய்ந்த ஓலை மடிக்கும் இடத்தில் வெடித்துவிடும்.

இத்தனையையும் நோட்டீஸில் ஏற்ற இடம் இல்லை. வாங்குபவருக்குப் பயன்படுவது எது என்று பார்த்து எடுத்துக்கொண்டோம். "விரியாத குருத்தோலையில் முடைந்தது" என்பது ஒரு வரி. குருத்தோலை மெல்லியது, வளைந்து கொடுக்கும், கைக்கு வழவழப்பாக இருக்கும். இந்த ஒரு சொல்லிலேயே அது புரிந்துவிடும்.

சாயம் பற்றி எழுதும்போது ஒரு சின்னத் தகராறு வந்தது. குழுவில் படித்த ஒரு பெண் "இயற்கைச் சாயம்னு போட்டா நல்லா விக்கும்க்கா" என்றாள். அவர்கள் போடுவது கடையில் வாங்கும் சாயப்பொடி. அது குற்றம் இல்லை, ஓலை வேலை செய்பவர்கள் பலரும் போடுவதுதான். ஆனால் இயற்கைச் சாயம் என்று எழுதிவிட்டால், அதைத் தெரிந்த ஒருவர் வந்து எந்தப் பட்டை, எந்த வேர் என்று கேட்கும்போது பதில் இருக்காது. "கெட்டிச் சாயம், ஈரக் கையால் தொட்டாலும் ஒட்டாது" என்று எழுத முடியுமா என்று கேட்டேன். வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறக் கொட்டான்மேலும் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்கள். பச்சையும் மஞ்சளும் நின்றன. சிவப்பு துணியில் இறங்கியது. சாயம் ஏற்றியபின் நல்ல தண்ணீரில் அலசாமல் விட்ட ஒரு கட்டு அது. வெற்றிலை ஈரத்தோடு அதில் வைத்திருந்தால் புடவையில் கறை பட்டிருக்கும். அந்தச் சிவப்புக் கொட்டான்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். நோட்டீஸில் ஒரு வரி எழுதுவதற்காகச் செய்த சோதனை ஒரு பெரிய மனத்தாங்கலைத் தடுத்தது.

இதே வகையில் இன்னொன்று. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பக்கத்துக் குழு என்பதால் எல்லாப் பொருளுக்கும் "புவிசார் குறியீடு பெற்ற" என்று போடலாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குறியீடு கருப்பட்டிக்குத்தான், ஓலைப் பெட்டிக்கு அல்ல. கருப்பட்டி விற்றாலும், அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு செய்துகொண்டவர்தான் அதைப் போட முடியும். இவர்கள் மேசையில் கருப்பட்டியே வைக்கவில்லை. உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வேண்டும், பொட்டலத்தில் எடை, தயாரித்த தேதி எல்லாம் வேண்டும். அந்தப் பதிவு இல்லாத குழு ஓலையோடு நின்றுகொண்டது சரியான முடிவு.

கிலுகிலுப்பைக்கு எழுதிய வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தை எதையும் வாயில்தான் முதலில் வைக்கும். எனவே கிலுகிலுப்பை மட்டும் சாயம் ஏற்றாத வெள்ளோலையில் செய்யச் சொல்லி ஊருக்குச் செய்தி போனது. சத்தம் வர உள்ளே சின்னக் கூழாங்கல் போடுவார்கள். சிலர் குன்றிமணி போடுவது உண்டு, அது நஞ்சு. இவர்கள் போடுவதில்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கல்லாக இருந்தாலும் முடைச்சல் விட்டுப்போனால் வெளியே விழும். அதனால், "தொட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிட, குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு நகர வேண்டாம்" என்று எழுதினோம். இப்படி எழுதினால் விற்காது என்று அக்கா பயந்தார். அந்த வரியைப் படித்த பாட்டிமார்கள்தான் அதிகம் வாங்கினார்கள்.

விலையை எழுதலாமா கூடாதா என்று பேச்சு வந்தது. என் எண்ணம், எழுதத்தான் வேண்டும். விலை தெரியாத பொருளைத் தேடி யாரும் ரயிலேறி வரமாட்டார்கள். ஆனால் என்ன விலை? கொட்டானுக்கு அவர்கள் முதலில் வைத்தது 80 ரூபாய். தாளில் கணக்குப் போட்டோம். ஓலைக்கும் சாயத்துக்கும் 25 ரூபாய். வண்டிச் செலவு, சென்னையில் சாப்பாடு எல்லாம் பொருளுக்குப் பங்கிட்டால் 15 ரூபாய். மீதி 40 ரூபாய்தான் முடைந்தவருக்கு. ஓலை வார்ந்து தயாராக இருந்தாலும் ஆறு அங்குலக் கொட்டான் ஒன்றை முடைந்து விளிம்பு கட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று அக்காவே கைபேசியில் நேரம் பார்த்துச் சொன்னார். மணிக்கு 27 ரூபாய்கூடத் தேறவில்லை. மணிக்கு 50 ரூபாய் கூலி என்று வைத்தால் 75 ஆகிறது. ஆக 115. விலையை 120 என்று வைத்தோம். "மலிவு விலை" என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் "ஒரு கொட்டான் முடைய ஒன்றரை மணி நேரம்" என்று எழுதினோம். விலைக்குப் பக்கத்திலேயே அந்த நேரமும் இருந்ததால், கடையில் பேரம் பேசியவர்கள்கூட ஐந்து ரூபாய் பத்து ரூபாய்க்கு மேல் கேட்கவில்லை.

கையிருப்பைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு அங்குலக் கொட்டான் மொத்தம் 160 கொண்டு வந்தார்கள். கொலு வைக்கும் வீட்டுக்கு ஆளுக்கு முப்பது என்றால் ஐந்து பேரோடு கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். ஊரில் முடைபவர்கள் ஒன்பது பேர். வீட்டு வேலைக்கிடையில் ஆளுக்கு நாளைக்கு மூன்று முடைய முடியும், 27 ஆகிறது. அதைச் சேர்த்துப் பார்சலில் போட்டு விட்டால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வந்து சேரும். எனவே நோட்டீஸில், "இருபதுக்கு மேல் வேண்டுபவர்கள் மூன்று நாள் முன்னால் சொல்லவும்" என்று எழுதினோம். இருப்பில் 60-ஐ அப்படிச் சொல்லி வைப்பவர்களுக்கென்று தனியே கட்டி வைத்துக்கொண்டார்கள். நம்பி வந்த ஒருவரை வெறுங்கையோடு அனுப்பினால் அவர் மறுபடி வரமாட்டார். பெரிய நோட்டீஸ் போட்டுச் சின்ன இருப்பு வைப்பதில் உள்ள ஆபத்து இது.

படம் எடுப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை வேட்டியை விரித்து, காலை வெளிச்சத்தில், திண்ணையில் வைத்து எடுத்த படம்தான் நன்றாக வந்தது. ஃபிளாஷ் போட்டால் ஓலையின் முடைச்சல் பளபளத்து மறைந்துவிடுகிறது. கொட்டானுக்குப் பக்கத்தில் ஒரு தேங்காயை வைத்து எடுத்ததால் அளவு பார்த்தவுடன் புரிந்தது.

இனி வழி. கண்காட்சி நோட்டீஸ்களில் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இதுதான். கண்காட்சி நடந்த இடம் நுங்கம்பாக்கத்திலுள்ள அன்னை தெரசா மகளிர் வளாகம். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் அலுவலகம் அங்குதான் இருக்கிறது. 1983-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம்தான் மகளிர் திட்டத்தை நடத்துகிறது, குழுக்களின் பொருட்களுக்கு 'மதி' என்ற பொதுப் பெயரில் சந்தையும் அமைத்துத் தருகிறது. குழுப் பெண்களுக்கு அந்த வளாகம் நன்றாகத் தெரிந்த இடம். ஆனால் பொருள் வாங்க வருகிற மேடவாக்கத்துக்காரருக்கோ பெரம்பூர்க்காரருக்கோ தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆட்டோக்காரரிடம் வளாகத்தின் பெயரைச் சொன்னால் சிலர் யோசிக்கிறார்கள். வள்ளுவர் கோட்டம் என்றால் யாரும் யோசிப்பதில்லை. எனவே முதல் வரியே "வள்ளுவர் கோட்டத்துக்கு அருகே" என்று தொடங்கினோம், வளாகத்தின் பெயர் அதற்குப் பின்னால் வந்தது. அடையாளம் சொல்லும்போது இந்த வரிசையை மாற்றக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்த, நாளைக்கும் அங்கேயே இருக்கப்போகிற ஒன்றில் தொடங்கி, தெரியாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். டீக்கடை, ஃப்ளெக்ஸ் பேனர், தோண்டிப் போட்ட பள்ளம் இவையெல்லாம் அடையாளம் ஆகாது.

ரயிலில் வருபவர்களுக்குத் தனியாக இரண்டு வரி. கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் சேத்துப்பட்டுக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவில் நுங்கம்பாக்கம் நிலையம். அங்கே இறங்கியவர் சூளைமேட்டுப் பக்கம் வெளியே வந்துவிட்டால் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். எனவே "சூளைமேட்டுப் பக்கம் இறங்காமல் எதிர்ப் பக்கம் வெளியே வரவும்" என்று எழுதினோம். எவ்வளவு தூரம் என்று மேப்பில் பார்த்து எழுதுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. என் அம்மா வயதுள்ள ஒரு குழு உறுப்பினரோடு நானும் நிலையத்திலிருந்து நடந்து பார்த்தேன். அவர் வேகத்தில், சாலை கடக்க நின்ற நேரத்தையும் சேர்த்து, பதினெட்டு நிமிடம் ஆயிற்று. "நடந்தால் இருபது நிமிடம்" என்று போட்டோம். பத்து நிமிடம் என்று எழுதியிருந்தால் முழங்கால் வலியுள்ள ஒருவர் அதை நம்பி நடந்து, பாதி வழியில் நின்று எங்களைத் திட்டியிருப்பார்.

வாசல் வரை வந்துவிட்டவர் கடையைக் கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. வரிசையாக ஸ்டால்கள், ஒவ்வொன்றின் முன்னும் நாலு பேர், எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பெயர்ப்பலகை. வருகிறவர் கண்ணுக்கு முதலில் தெரிவது முன்னால் நிற்கும் மனிதர்களின் முதுகுதான். மேசைமேல் எவ்வளவு அழகாக அடுக்கினாலும் அது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு ஒரு கண்காட்சியில் இதைப் பார்த்திருந்ததால், தலைக்கு மேலே தெரிகிற மாதிரி ஏதாவது தொங்கவிட வேண்டும் என்று சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "பெரிய கடகம் ஒண்ணு கெடக்கு, எங்க அம்மா காலத்துல நெல்லு அள்ளுனது மாதிரி. மூணு அடி வாய் இருக்கும்" என்றார். அதைக் கயிறு கட்டி ஸ்டாலின் முகப்பில் ஏழடி உயரத்தில் தொங்கவிட்டார்கள். நோட்டீஸில் ஸ்டால் எண்ணுக்குக் கீழே "மேலே பெரிய ஓலைக் கடகம் தொங்கும்" என்று ஒரு வரி சேர்த்தோம்.

அந்த வரிதான் எங்களைக் காப்பாற்றியது. ஸ்டால் எண்ணை நான் குழுவின் பழைய தாள் ஒன்றிலிருந்து எடுத்து எழுதிவிட்டேன். அது முந்தைய கண்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்த எண். ஐந்நூறு நோட்டீஸ் அடித்துப் பாதியைக் கொடுத்தபின், பொருள் அடுக்கப்போன நாளில்தான் இந்த முறை எண் வேறு என்று தெரிந்தது. மீதி நோட்டீஸில் பேனாவால் திருத்தினோம், கொடுத்துவிட்டதை என்ன செய்ய முடியும்? முதல் நாள் மதியம் ஒரு அம்மா பழைய எண்ணுள்ள நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டே நேராக வந்தார். "நம்பர் வேற எங்கயோ காட்டுது, ஆனா கடகம் இங்கதான தொங்குது" என்றார். அன்றிலிருந்து இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். எண் கையில் வந்து, அந்த இடத்தில் நின்று பார்க்கும் வரை அதை அச்சில் ஏற்றுவதில்லை. எண் தவறினாலும் தவறாத ஓர் அடையாளத்தை எழுதாமல் விடுவதில்லை.

கடைசியில் அச்சான நோட்டீஸ் இப்படி இருந்தது:

பனையோலைத் தாம்பூலக் கொட்டான்
உடன்குடிப் பகுதி மகளிர் குழு, விரியாத குருத்தோலையில் முடைந்தது

ஆறு அங்குலக் கொட்டான்: ஒரு தேங்காய், இரண்டு பழம், வெற்றிலை பாக்கு கொள்ளும். 120 ரூபாய். ஒன்று முடைய ஒன்றரை மணி நேரம்.
மூடிப் பெட்டி: அரைக் கிலோ முறுக்கு கொள்ளும். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம்.
கிலுகிலுப்பை: சாயம் ஏற்றாத வெள்ளோலை. தொட்டிலுக்கு மேலே கட்ட. குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு நகர வேண்டாம்.

இருபது கொட்டானுக்கு மேல் வேண்டுபவர்கள் மூன்று நாள் முன்னால் சொல்லவும்.

வள்ளுவர் கோட்டத்துக்கு அருகே, அன்னை தெரசா மகளிர் வளாகம், நுங்கம்பாக்கம். நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் சூளைமேட்டுப் பக்கம் இறங்காமல் எதிர்ப் பக்கம் வெளியே வந்து நடந்தால் இருபது நிமிடம். உள்ளே, மேலே பெரிய ஓலைக் கடகம் தொங்கும் கடை.

இதன் கீழே ஸ்டால் எண்ணும், குழுவின் போன் எண்ணும், நேரமும், கிழமையோடு சேர்த்துத் தேதியும் வந்தன. கிழமை ஏன் என்றால், வாட்ஸ்அப்பில் போகும் நோட்டீஸ் கண்காட்சி முடிந்தபின்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். "நாளை முதல்" என்று எழுதிய படம் பத்து நாள் கழித்து ஒருவருக்கு வந்து சேர்ந்தால் அவர் வீணாக அலைவார். தேதியும் கிழமையும் இருந்தால் அந்த அலைச்சல் இல்லை. முடியும் நாளைப் பெரிய எழுத்தில் போட்டோம்.

நோட்டீஸை எங்கே கொடுத்தோம் என்பதும் முக்கியம். கண்காட்சி வாசலில் நின்று கொடுப்பதில் பெரிய பயன் இல்லை, அங்கே வந்தவர்கள் எப்படியும் உள்ளே வருகிறவர்கள்தான். கொலு பொம்மை விற்கும் இடங்களில் கொடுத்தோம். பொம்மை வாங்குகிறவர் தாம்பூலத்துக்கும் யோசித்துக்கொண்டிருப்பார். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு, அங்கே குடியிருப்பவர் ஒருவர் மூலமாகவே அனுப்பினோம். எங்கிருந்து தெரிந்து வந்தார்கள் என்பதை அறிய ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு, பணம் வாங்கும்போது கேட்டுக் கேட்டுக் கோடு போட்டார்கள். நோட்டீஸ், வாட்ஸ்அப், சும்மா சுற்றி வந்தவர். மொத்தமாக இருபது முப்பது வாங்கியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் வாட்ஸ்அப் கட்டத்தில்தான் இருந்தார்கள். அடுத்த முறை அச்சடிப்பதைக் குறைக்கலாம் என்று அக்கா நோட்டைப் பார்த்துத் தானே சொன்னார்.

கடைக்குள் நடந்த இரண்டைச் சொல்ல வேண்டும். மேசையின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து முடைந்துகொண்டே இருந்தார். இருவர் முறை மாற்றிக்கொண்டார்கள். வார்ந்த ஓலையை நனைத்த துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். முதல் நாள் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்ததால் ஓலை சீக்கிரம் காய்ந்து மடிப்பில் வெடித்தது. இரண்டாம் நாள் விசிறிக்கு மறுபக்கம் மாறிக்கொண்டார்கள். முடையும் கையைப் பார்க்க நிற்பவர்கள் கேள்வி கேட்பார்கள். முடைகிறவரே பதில் சொல்வார், விற்கிறவர் பேச வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும்.

இன்னொன்று, ஒரு பழைய பெட்டி. அக்கா வீட்டில் மூன்று வருஷமாகக் கருப்பட்டி போட்டு வைத்திருந்த மூடிப் பெட்டியைக் கொண்டு வந்து புதிய பெட்டிகளின் நடுவில் வைத்தார்கள். புதியவை தந்த நிறம். பழையது பழுப்பேறி, தேன் நிறமாக, மூடி இன்னும் இறுக்கமாக மூடும். "இது எத்தனை நாள் உழைக்கும்?" என்று கேட்பவர் கையில் அந்தப் பெட்டியைக் கொடுப்பார்கள். மழைக் காலத்தில் பூஞ்சை பூக்கும், வெயில் வந்ததும் ஒரு மணி நேரம் காயவைத்துக் காய்ந்த துணியால் தட்டிவிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவார்கள். சென்னையில் கார்த்திகை வரை மழை உண்டு. வாங்கிப்போன பெட்டியில் வெள்ளை பூத்ததைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பது அக்காவின் கவலை.

கடைசி நாள் சாயங்காலம் மேசையில் பாதிக்கு மேல் காலி. ஒருவர் மேலே தொங்கிய கடகத்தைக் காட்டி விலை கேட்டார். வீட்டு வாசலில் வைத்துச் செடி வளர்க்கவாம். அக்கா அண்ணாந்து பார்த்தார், பிறகு வாசல் பக்கம் பார்த்தார். உள்ளே வந்துகொண்டிருந்த இரண்டு பெண்களின் கையில் எங்கள் நோட்டீஸ் இருந்தது, அவர்கள் தலையைத் தூக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

"எட்டு மணிக்கு மேல வாங்க அண்ணாச்சி, இறக்கித் தாரேன்" என்றார் அக்கா. "இதப் பாத்துத்தான் ஆளு வருது."